ஊழியர் வேலைக்குத் திரும்பும்போது தொழில்நல மருத்துவரிடம் என்ன கேட்பது?

நோயால் பல வாரம் லீவில் இருந்த ஊழியர் திரும்பி வரப் போகிறார். மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் தொழில்நல மருத்துவருக்கு ஒரே வரியில் கடிதம் எழுதுகிறார்: “இவர் வேலைக்குத் தகுதியானவரா என்று தெரிவிக்கவும்.” இரண்டு நாளில் பதில் வருகிறது: “தகுதியானவர். கனமான வேலையைத் தவிர்க்கவும்.”

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு சூப்பர்வைசர் என்ன செய்வார்? எது கனம்? 5 கிலோவா, 20 கிலோவா? ஒரு தடவை தூக்கலாமா, நாள் முழுக்கத் தூக்கலாமா? எத்தனை வாரத்துக்கு? எதற்கும் பதில் இல்லை. சூப்பர்வைசர் தன் மனதுக்குப் பட்டதைச் செய்வார். ஒருவர் ஊழியரைச் சும்மா உட்கார வைப்பார். இன்னொருவர் பழைய வேலையையே கொடுத்துவிட்டு “பாத்துப் பண்ணுங்க” என்பார். மருத்துவர்மீது குற்றமில்லை. அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் பதில் சொல்ல முடியும்.

இப்படி ஒரு கடிதத்தை முதன்முறையாக எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு உதாரணத்தைக் கடைசி வரை கூடவே எடுத்துச் செல்வோம். கிடங்கில் ஆர்டர்படி பெட்டிகளை ரேக்கிலிருந்து எடுத்து அடுக்கும் ஊழியர். முதுகுப் பிரச்சினையால் 7 வாரம் லீவு. “இப்போது பரவாயில்லை, வந்துவிடுகிறேன்” என்று போனில் சொல்லியிருக்கிறார்.

மருத்துவர் எதற்குப் பதில் சொல்வார்

சிகிச்சை தரும் மருத்துவர் நோயைப் பார்க்கிறார். அவருக்கு உங்கள் கிடங்கு தெரியாது. தொழில்நல மருத்துவர் பார்ப்பது பொருத்தத்தை: இந்த உடலுக்கும் மனதுக்கும் இப்போதுள்ள நிலையில், இந்த வேலை ஒத்துவருமா? ஒத்துவராவிட்டால் வேலையில் எதை மாற்றினால் ஒத்துவரும்? ஆகவே உங்கள் கேள்விகள் எல்லாம் வேலையைப் பற்றியவையாக இருக்க வேண்டும். நோயின் பெயர் உங்களுக்குத் தேவைப்படாது.

இன்னொரு விஷயமும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். சம்பளம் யார் கொடுத்தாலும், தொழில்நல மருத்துவர் முதலாளியின் ஆள் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1985-இல் ஏற்றுக்கொண்ட 161-ஆம் உடன்படிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. தன் பணியில் அவர் முதலாளியிடமிருந்தும் தொழிலாளர்களிடமிருந்தும் முழுச் சுதந்திரத்தோடு இயங்க வேண்டும் என்கிறது. ஊழியர் லீவு எடுத்ததற்கான காரணம் உண்மையா என்று சரிபார்க்கும் வேலையை முதலாளி அவர்மேல் சுமத்தக் கூடாது என்றும் சொல்கிறது. “நிஜமாவே முடியலையா, நடிக்கிறாரா, பாத்துச் சொல்லுங்க” என்று கேட்கும் ஆசை சில மேலாளர்களுக்கு வரும். அந்தக் கேள்வியைக் கடிதத்தில் வைக்காதீர்கள். வைத்தால் ஊழியர் மருத்துவரை நம்ப மாட்டார். மருத்துவரிடம் பாதியை மறைப்பார். அப்புறம் உங்களுக்கு வரும் பதிலும் பாதியாகத்தான் இருக்கும்.

முதல் படி: வேலையை அளந்து எழுதுங்கள்

கேள்விகளை யோசிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். கடிதத்தின் தரத்தை முக்கால்வாசி தீர்மானிப்பது இதுதான் என்பது என் கருத்து. “கிடங்கு உதவியாளர்” என்ற பதவிப் பெயரிலிருந்து மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது. ஆளெடுக்கும்போது எழுதிய பணி விவரத்தாளும் உதவாது. அதில் “குழுவாகச் செயல்படும் மனப்பான்மை” என்றெல்லாம் இருக்குமே தவிர, ஒரு பெட்டி எத்தனை கிலோ என்று இருக்காது.

சூப்பர்வைசரோடு கிடங்குக்குள் போய், அதே வேலையைச் செய்யும் இன்னொருவரை ஒரு மணி நேரம் பாருங்கள். டேப்பும் எடைக்கருவியும் கையில் இருக்கட்டும். நம் உதாரணத்தில் கிடைத்த விவரம் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்:

“8 மணி நேர ஷிப்ட். 30 நிமிட உணவு இடைவேளை, 10 நிமிட இடைவேளை இரண்டு. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 50 பெட்டிகளை எடுத்து வைக்க வேண்டும். எடை 4 முதல் 18 கிலோ. பெரும்பாலானவை 8 முதல் 10 கிலோ. மூன்றில் ஒரு பங்கு பெட்டிகள் கீழ்த்தட்டில், தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கின்றன. மேல்தட்டு 170 செ.மீ. கீழ்த்தட்டில் பின்வரிசைப் பெட்டியை எடுக்கக் குனிந்து, கையை 50 செ.மீ. வரை நீட்ட வேண்டும். பெட்டியைத் திருப்பி டிராலியில் வைக்கும்போது இடுப்பு திரும்புகிறது. வாரத்தில் ஒரு நாள் 2 மணி நேரம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரவு ஷிப்ட்.”

கையை நீட்டும் தூரத்தை எதற்கு எழுத வேண்டும் என்று தோன்றலாம். கிலோ மட்டும் சொன்னால் விஷயம் விளங்காது என்பதற்கு அதுவே நல்ல சான்று. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ் பளு தூக்குவதற்கு ஒரு சமன்பாடு வகுத்திருக்கிறது. அதன் கணக்கில், எல்லாமே சாதகமாக இருந்தால் பரிந்துரைக்கும் உச்ச எடை 23 கிலோ. பெட்டி உடலை ஒட்டி, கணுக்கால்களின் நடுவிலிருந்து 25 செ.மீ. தூரத்துக்குள் இருக்கும்போது மட்டுமே அந்த எண். அதே பெட்டி 50 செ.மீ. தள்ளி இருந்தால் எல்லை பாதியாகி 11.5 கிலோ ஆகிவிடும். தரைக்கு அருகில் குனிவது, இடுப்பைத் திருப்புவது, மணிக்கு எத்தனை தடவை என்பது எல்லாம் அதை இன்னும் குறைக்கும். இது நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கான கணக்கு. அப்படியானால் பின்வரிசையில் கிடக்கும் 18 கிலோ பெட்டி அவர்களுக்கே எல்லையைத் தாண்டிய வேலை. மருத்துவரின் பதிலுக்குக் காத்திராமல் அதை உடனே இடம் மாற்றலாம். வேலையை அளக்கப் போனால் இப்படிச் சில விஷயங்கள் கண்ணில் படும்.

எழுதியதைச் சம்பந்தப்பட்ட ஊழியரிடமும் காட்டுங்கள். “இதுல இறக்குமதி வண்டி வர்ற நாளை விட்டுட்டீங்களே, அன்னிக்கு ரெண்டு மடங்கு” என்பார். அதையும் சேருங்கள். மிக மோசமான நாள் எப்படி இருக்கும் என்பது மருத்துவருக்குச் சராசரி நாளை விட முக்கியம்.

உடலுழைப்பு இல்லாத வேலைக்கும் இதே மாதிரி செய்யலாம், அளவுகள்தான் வேறு. ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு, எத்தனை பேர் கோபத்தோடு பேசுவார்கள், வேலை நடுவில் எத்தனை தடவை தடைபடும், கடைசித் தேதி எவ்வளவு நெருக்கும், ஒரு பிழை நேர்ந்தால் விளைவு என்ன, தனியாக வேலை செய்ய வேண்டுமா என்று எழுதுங்கள். மனநலக் காரணத்தால் லீவில் இருந்தவருக்கு இவைதான் அந்த 18 கிலோ பெட்டிகள்.

இரண்டாம் படி: ஊழியரிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள்

ஏன் மருத்துவரிடம் அனுப்புகிறீர்கள், என்ன கேட்கப் போகிறீர்கள், பதில் யார் யார் கைக்குப் போகும் என்று மூன்றையும் ஊழியரிடம் சொல்லுங்கள். கடிதத்தின் நகலை அவருக்குக் கொடுங்கள். அவர் பார்த்தால் சங்கடமாகிவிடுமே என்று நினைக்கும் வரி ஏதாவது இருந்தால், அது கடிதத்தில் இருக்கக் கூடாத வரி. சம்மதம் எப்படிப் பெற வேண்டும், எழுத்தில் வேண்டுமா, பதிலை அனுப்பும் முன் ஊழியருக்குக் காட்ட வேண்டுமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆனால் நோய் விவரம் மருத்துவரிடமே இருக்க வேண்டும், முதலாளிக்கு வருவது வேலைத் திறன் பற்றிய முடிவு மட்டும்தான் என்பது இந்தத் துறையின் அடிப்படை நெறி. ஊழியர் தானாக உங்களிடம் நோயைச் சொல்லியிருந்தாலும், மருத்துவரிடம் அதை உறுதிப்படுத்தச் சொல்லாதீர்கள்.

மூன்றாம் படி: கேள்விகள்

முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: *“மேலே விவரித்த பணிகளில் எவற்றை இப்போதே முழுமையாகச் செய்யலாம், எவற்றை ஒரு அளவோடு செய்யலாம், எவற்றைச் செய்யக் கூடாது? அளவோடு என்றால் எடை, உயரம், தடவை, நேரம் ஆகியவற்றில் எவ்வளவு?”* இப்படிக் கேட்டால் “தகுதி உண்டு, இல்லை” என்ற இரண்டே பெட்டிக்குள் பதிலை அடைக்க வேண்டிய கட்டாயம் மருத்துவருக்கு இல்லை. பெரும்பாலான ஊழியர்கள் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருப்பார்கள். செய்யக்கூடியவற்றை முதலில் கேட்பதற்கும் காரணம் உண்டு. செய்யக் கூடாதவற்றை மட்டும் கேட்டால் நீளமான தடைப் பட்டியல் வரும். அதைப் படிக்கும் சூப்பர்வைசருக்கு இந்த ஆளால் எதுவுமே முடியாது என்ற எண்ணம்தான் தங்கும்.

இரண்டாவது கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம், பலர் கேட்காமல் விடுவதும் அதுதான்: *“நீங்கள் சொல்லும் ஒவ்வொரு கட்டுப்பாடும் எந்த வகை? அந்தப் பணியைச் செய்தால் அவருக்கோ மற்றவருக்கோ தீங்கு நேரும் என்பதாலா? உடலால் அது இயலாது என்பதாலா? இயலும், தீங்கும் இல்லை, ஆனால் வலியோ களைப்போ தாங்க முடியவில்லை என்பதாலா?”*

தொழில்நல மருத்துவத்தில் இந்த மூன்றையும் ஆபத்து, இயலுமை, தாங்குதிறன் என்று பிரித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றையும் முதலாளி வேறு விதமாகக் கையாள வேண்டும் என்பதால் இந்தப் பிரிவு உங்களுக்கும் அவசியம். சமீபத்தில் வலிப்பு வந்த ஒருவரால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முடியும், ஆனால் ஓட்டக் கூடாது. இது ஆபத்து. ஊழியரே “நான் பாத்துக்கறேன் சார், குடுங்க” என்றாலும் கொடுக்க முடியாது. இதில் பேரத்துக்கு இடமில்லை. தோள்மூட்டு இறுகி, கை தோள் உயரத்துக்கு மேல் எழவே இல்லை என்றால் அது இயலுமை. மருத்துவர் அதை அளந்து சொல்ல முடியும். மேல்தட்டு வேலையை மாற்றிவிட்டால் தீர்ந்தது.

மூன்றாவது வகையில்தான் குழப்பமே. பெட்டியைத் தூக்க முடிகிறது. தூக்கினால் முதுகுக்குக் கெடுதல் வரும் என்று சொல்ல மருத்துவ ஆதாரம் இல்லை. ஆனால் மாலையில் வலிக்கிறது. எவ்வளவு வலியோடு ஒருவர் வேலை செய்யலாம் என்பதை எந்தக் கருவியும் அளக்காது. அந்த முடிவு பெரும்பாலும் ஊழியருடையது. வேலை அவருக்குப் பிடித்திருக்கிறதா, இடைவேளை கிடைக்கிறதா, சூப்பர்வைசர் எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் அதைக் கூட்டும், குறைக்கும். மருத்துவர் “இது தாங்குதிறன் சார்ந்தது” என்று எழுதினால், ஊழியர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அப்படிப் படித்துவிட்டால் பெரிய அநியாயம் நடக்கும். அவரோடு உட்கார்ந்து பேசி வேகத்தையும் இடைவேளையையும் படிப்படியாக ஒழுங்கு செய்யலாம், முழு வலி போகும் வரை வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். சாதாரண முதுகுவலிக்கு நீண்ட ஓய்வை விட இயன்ற அளவு நடமாடுவதும் வேலை செய்வதும்தான் நல்லது என்று மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. வலிக்கிறது என்பதால் மட்டும் முதுகு சேதமாகிறது என்றாகிவிடாது. இதை ஊழியரிடம் மருத்துவர் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் ஆதாயத்துக்காகச் சொல்வதாகத்தான் படும்.

மூன்றாவது கேள்வி வேலையை மாற்றுவது பற்றியது: *“வேலையிலோ, இடத்திலோ, கருவியிலோ, நேரத்திலோ என்ன மாற்றம் செய்தால் இந்தக் கட்டுப்பாடுகளில் எவை தேவைப்படாமல் போகும்?”* உங்களால் செய்ய முடிந்த இரண்டு மூன்று மாற்றங்களை நீங்களே முன்வையுங்கள். உதாரணமாக: “அவருக்கு இடுப்பு உயரத் தட்டுகள் உள்ள வரிசையை மட்டும் ஒதுக்க முடியும். உயரம் மாற்றும் டிராலி ஒன்று இருக்கிறது. லேபிள் ஒட்டும் மேசையில் ஒரு நாளைக்கு 3 மணி நேரம் கொடுக்க முடியும். இவை போதுமா?” இது இல்லாவிட்டால் மருத்துவர் பொதுவாக ஏதாவது எழுதுவார், அது உங்களிடம் இருக்காது. லேபிள் மேசையிலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்று மணி நேரம் தொடர்ந்து நிற்பதோ உட்காருவதோ சில முதுகுகளுக்குப் பெட்டி தூக்குவதை விட மோசம். ‘லேசான வேலை’ என்று நமக்குத் தோன்றுவதை மருத்துவரிடம் சொல்லி, அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, காலம்: *“இந்தக் கட்டுப்பாடுகள் எந்தத் தேதி வரை? வேலையை எந்தப் படிகளில் கூட்டலாம்? அடுத்து எப்போது பார்க்க வேண்டும்?”* எப்போது குணமாகும் என்று கேட்பதும் இதுவும் ஒன்றல்ல. குணமாகும் தேதியை எந்த மருத்துவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கட்டுப்பாட்டுக்கு ஒரு முடிவுத் தேதியும் மறுபரிசீலனைத் தேதியும் சொல்ல முடியும். தேதியில்லாத கட்டுப்பாடு கோப்புக்குள் போய் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். “அவருக்கு முதுகு சரியில்ல, அந்த செக்‌ஷனுக்கு அனுப்பாதீங்க” என்று மூன்று சூப்பர்வைசர் மாறிய பிறகும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பதவி உயர்வு கேட்கும்போது அது அவர் கழுத்தில் வந்து நிற்கும்.

ஐந்தாவது, பாதுகாப்பு: *“வாகனம் ஓட்டுவது, உயரத்தில் ஏறுவது, தனியாக இரவில் வேலை செய்வது ஆகியவற்றில் தற்காலிகத் தடை ஏதாவது வேண்டுமா?”* மருந்தின் பெயரைக் கேட்காமல் இப்படிப் பணியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வலிக்குத் தரும் சில மருந்துகள் தூக்கக் கலக்கம் தரும். மருத்துவர் “அடுத்த 3 வாரம் ஃபோர்க்லிஃப்ட் வேண்டாம்” என்று எழுதினால் போதும். ஏன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக, பொருந்தினால் மட்டும்: *“இந்த வேலையே பிரச்சினையை உண்டாக்கியதா, அல்லது கூட்டுகிறதா? அப்படியென்றால் வேலையிடத்தில் நாங்கள் எதைச் சரிசெய்ய வேண்டும்?”* இழப்பீடு கொடுக்க வேண்டிவருமோ என்று பயந்து பல நிறுவனங்கள் இதைக் கேட்பதில்லை. கேட்காவிட்டால் அதே ரேக்கில் அடுத்த ஊழியரும் லீவில் போவார்.

கேட்கக் கூடாதவையும், வேறு விதமாகக் கேட்க வேண்டியவையும்

நோய் என்ன, ஸ்கேனில் என்ன இருக்கிறது, என்ன மருந்து என்பவை கூடாது என்று பார்த்தோம். “இவரை வேலையிலிருந்து எடுக்கலாமா?”, “இந்த லீவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா?” என்பவையும் மருத்துவக் கேள்விகள் அல்ல. அவை நிர்வாகமும் சட்டமும் முடிவு செய்ய வேண்டியவை. மருத்துவரின் கையெழுத்தை அதற்குக் கேடயமாகப் பிடிப்பது முறையல்ல.

சூப்பர்வைசரோடு சண்டை வந்த மறுநாளே ஊழியர் லீவு போட்டுவிட்டார் என்றால், “வேலை செய்யத் தகுதியா” என்ற கேள்வி வழி தவறிப் போகும். அப்போது இப்படிக் கேளுங்கள்: “வேலை செய்வதைத் தடுக்கும் மருத்துவக் காரணம் இருக்கிறதா, அல்லது முதலில் வேலையிடத்தில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயமா? பேச்சுவார்த்தைக்கு வந்து உட்கார அவர் உடல்நிலை இடம் தருமா, துணைக்கு ஒருவர் வேண்டுமா?” ஒருவரால் முழு ஷிப்ட் வேலை செய்ய முடியாமல் இருக்கலாம், ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச முடியலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால்தான் தனித்தனியாகப் பதில் வரும்.

பதில் வந்ததும்

நம் உதாரணத்துக்கு வருவோம். இப்படி ஒரு பதில் வந்திருக்கிறது என்று வையுங்கள்:

“அடுத்த 4 வாரங்களுக்கு: முழங்காலுக்குக் கீழிருந்து தூக்கக் கூடாது (ஆபத்து). இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில், உடலை ஒட்டி, 8 கிலோ வரை, மணிக்கு 20 தடவை வரை தூக்கலாம். ஒரே நிலையில் 45 நிமிடத்துக்கு மேல் நிற்கவோ உட்காரவோ சிரமப்படுவார் (தாங்குதிறன்). இடையில் சில நிமிடம் நடந்தால் போதும். 3 வாரம் ஃபோர்க்லிஃப்ட் வேண்டாம் (ஆபத்து). முதல் வாரம் ஒரு நாளைக்கு 4 மணி நேரம், இரண்டாம் வாரம் 6, மூன்றாம் வாரத்திலிருந்து முழு ஷிப்ட். 4-ஆம் வார இறுதியில் மறுபடி பார்க்கிறேன்.”

இதை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவரலாம். நடு வரிசை ரேக்கில் 8 கிலோவுக்குள் உள்ள பெட்டிகள் மட்டும், மீதி நேரம் லேபிள் மேசை, 45 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து தாள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. சூப்பர்வைசருக்குப் போக வேண்டியது இந்தப் பணிப் பட்டியலும் தேதிகளும் மட்டும்தான், மருத்துவரின் கடிதம் அல்ல. அவர் அருகில் வேலை செய்பவர்களுக்கு, “நாலு வாரத்துக்கு இவருக்கு இந்த வரிசை மட்டும்” என்று சொன்னால் போதும்.

பதிலில் ‘லைட் டூட்டி’, ‘கூடிய வரை’, ‘தேவைப்பட்டால் ஓய்வு’ போன்ற சொற்கள் வந்தால், அவற்றை நீங்களே விளக்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் வேலை விவரத்தைத் திரும்ப இணைத்து, ஒரே ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்புங்கள்: “இந்தப் பட்டியலில் எவை அதில் அடங்கும்?” தப்பித்தவறி நோயின் பெயரும் பதிலில் வந்துவிட்டால் அந்தக் கடிதத்தைச் சுற்றுக்கு விடாமல் மருத்துவருக்கே திருப்பி, திருத்தி அனுப்பச் சொல்லுங்கள்.

மருத்துவர் சொல்வது ஆலோசனை. எந்த மாற்றத்தைச் செய்ய முடியும் என்பதை முடிவு செய்வது நிறுவனம். முடியவில்லை என்றால் அதற்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டும், ஊழியரிடமும் சொல்ல வேண்டும். ஆனால் ‘ஆபத்து’ என்று குறித்த எதையும் மீறும் உரிமை யாருக்கும் இல்லை, அன்றைக்கு ஆள் பற்றாக்குறை என்றாலும்.

திட்டம் சரியாகப் போகிறதா என்பது இரண்டாம் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஊழியர் திங்கட்கிழமைகளில் வராமல் போவது, இடைவேளையை எடுக்காமல் வேகமாக முடிக்கப் பார்ப்பது, மற்றவர்கள் அவர் பங்கைத் தூக்கிவிட்டு முணுமுணுப்பது ஆகியவை அடையாளங்கள். வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் அவரிடமே கேளுங்கள்: எந்த வேலை ஒத்துவருகிறது, எது வரவில்லை? வலியின் கதையைக் கேட்க வேண்டாம், வேலையைப் பற்றிக் கேளுங்கள். சொல்வதைத் தேதியோடு குறித்து வையுங்கள், நான்காம் வாரக் கடிதத்துக்கு அதுதான் சரக்கு.

அந்த இரண்டாவது கடிதம் சிறியது. என்ன வேலை கொடுத்தீர்கள், எத்தனை மணி நேரம், எங்கே தடுமாறினார் என்று அரைப் பக்கம். கேள்வி மூன்று: எந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடலாம்? எதைத் தளர்த்தலாம், எவ்வளவு? எது தொடர வேண்டும், எந்தத் தேதி வரை?

பன்னிரண்டு வாரம் ஆகியும் கீழ்த்தட்டிலிருந்து தூக்கும் தடை அப்படியே இருந்தால், இப்போதுதான் இந்தக் கேள்விக்கு நேரம்: “இந்தக் கட்டுப்பாடு இனி நிரந்தரமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களா, அல்லது மேலும் முன்னேற இடமிருக்கிறதா?” முதல் வாரத்திலேயே இதைக் கேட்டால் மருத்துவர் ஊகம்தான் சொல்வார், ஊழியரோ தன்னை வெளியே தள்ளப் பார்க்கிறார்கள் என்று நினைப்பார். பதில் ‘நிரந்தரம்’ என்று வந்தால், நிறுவனத்தில் காலியாக உள்ள வேறு வேலைகளையும் கிடங்கு வேலையை அளந்தது போலவே எடை, உயரம், நேரம், ஷிப்ட் என்று அளந்து, இரண்டு மூன்று விவரத்தாள்களை ஊழியரின் விருப்பத்தையும் குறித்து மருத்துவருக்கு அனுப்பி, இவற்றில் எது பொருந்தும் என்று கேளுங்கள்.